பாஸ்வேர்டு சரிதான், ஆனா பூட் ஸ்கிரீன் ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?

இன்னிக்கு ஒரே ஒரு பிரச்சனையைத்தான் பேசப்போறோம். லேப்டாப்பை ஆன் பண்றீங்க. விண்டோஸோ லினக்ஸோ முழுசா வர்றதுக்கு முன்னாடியே ஒரு கறுப்பு ஸ்கிரீன்ல டிஸ்க் பாஸ்வேர்டு கேக்குது. நேத்து வெச்ச அதே பாஸ்வேர்டை அடிக்கிறீங்க. தப்புன்னு சொல்லுது. மெதுவா அடிச்சாலும் தப்புதான்.

பாலக்கோட்டுல இருக்கிற என் மாமா பையனுக்கு இதுதான் நடந்துச்சு. காலேஜ் ஃபைனல் இயர், ப்ராஜெக்ட் கொடுக்க மூணு நாள்தான் பாக்கி. கோட் மொத்தமும் அந்த லேப்டாப்லதான், பேக்கப் கிடையாது. அவன்கிட்ட இருந்தது ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப். வெளிநாட்டு ஆபீஸ்ல இருந்து கழிச்சு வந்தது, அதனால பிரிட்டிஷ் கீபோர்டு. உபுண்டு 24.04 போடும்போது கீபோர்டு லேஅவுட்டை மாத்தாம, அமெரிக்க லேஅவுட்லயே விட்டிருந்தான். டிஸ்க் முழுக்க லக்ஸ் என்கிரிப்ஷன். கொஞ்ச நாள் கழிச்சு, கீல அச்சடிச்சிருக்கிற குறியும் ஸ்கிரீன்ல வர்ற குறியும் ஒத்துவரலன்னு செட்டிங்ஸ்ல போய் லேஅவுட்டை பிரிட்டிஷுக்கு மாத்தினான். அன்னிக்கு சாயங்காலமே டிஸ்க்ஸ் ஆப்ல போய் டிஸ்க் பாஸ்வேர்டையும் மாத்திட்டான். மறுநாள் காலையில உள்ளே போக முடியல.

கீபோர்டு எழுத்தை அனுப்புறதில்லை

இதுதான் இன்னிக்கு விஷயத்தோட மையம். நீங்க A அழுத்தினா கீபோர்டு "A" அனுப்பாது. "இந்த இடத்துல இருக்கிற கீ அழுத்தப்பட்டது"ன்னு ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். லினக்ஸ்ல A கீயோட எண் 30. அந்த எண்ணை எழுத்தா மாத்துறது லேஅவுட்ங்கிற ஒரு அட்டவணை. தமிழ்99-ல ஹெச் கீயை அழுத்தினா "க" வருது இல்லையா? கீ அதேதான், எண்ணும் அதேதான். அட்டவணைதான் வேற.

இப்போ கேள்வி, பூட் ஆகும்போது எந்த அட்டவணை இருக்கும்? பயாஸ் செட்டப்புக்குன்னு ஒரு சின்ன கீபோர்டு டிரைவர் இருக்கு, அது பெரும்பாலும் அமெரிக்க லேஅவுட்தான். அடுத்து வர்ற கிரப் பூட்லோடரும், நாம தனியா மாத்தாத வரைக்கும், அமெரிக்க லேஅவுட்தான். அதுக்கப்புறம் லினக்ஸ் கெர்னலோட சேர்ந்து இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு குட்டி சிஸ்டம் ஏறும். உபுண்டுல வழக்கமா டிஸ்க் பாஸ்வேர்டு கேக்கிறது அதுதான். அதுக்குள்ள இருக்கிறது லேஅவுட்டோட ஒரு பழைய நகல். அந்த இனிட்ராம்எஃப்எஸை உருவாக்கின நேரத்துல சிஸ்டம்ல என்ன லேஅவுட் இருந்துச்சோ அது. நீங்க டெஸ்க்டாப்ல லேஅவுட்டை மாத்தினா அந்த நகல் தானா மாறாது.

இதோட மறுபக்கமும் இருக்கு. கெர்னல் அப்டேட் வந்தா அந்த நகல் புதுசா உருவாகும். அப்போ புது லேஅவுட் உள்ளே போயிடலாம். "அப்டேட்டுக்கு அப்புறம் பாஸ்வேர்டு போகல"ன்னு யாராவது சொன்னா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

உள்ளே போன வழி

அவனோட பாஸ்வேர்டு இந்த மாதிரி ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க:

```
thoppur@44#
```

பிரிட்டிஷ் கீபோர்டுல @ இருக்கிறது எண்டருக்குப் பக்கத்துல, எண் 40. ஷிஃப்டோட அழுத்தணும். # அதுக்கு அடுத்த கீ, எண் 43. அதுக்கு ஷிஃப்ட் வேண்டாம். டெஸ்க்டாப்ல இப்படித்தான் அடிச்சு பாஸ்வேர்டு வெச்சான். பூட் ஸ்கிரீன்ல அதே கீகளை அழுத்தும்போது அமெரிக்க அட்டவணை அதை இப்படிப் படிக்குது:

```
thoppur"44\
```

ரெண்டுலயும் 11 எழுத்து. அதனால ஸ்கிரீன்ல வர்ற புள்ளிகளை எண்ணிப் பார்த்தாலும் தப்பு தெரியாது.

தீர்வு சிம்பிள். கீல அச்சடிச்சிருக்கிறதை மறந்துட்டு, அமெரிக்க கீபோர்டுல அடிக்கிற மாதிரி அடிக்கணும். @-க்கு ஷிஃப்டும் 2-ம், #-க்கு ஷிஃப்டும் 3-ம். போன்ல ஒரு அமெரிக்க கீபோர்டு படத்தை வெச்சுக்கிட்டு அடிச்சான், திறந்துடுச்சு. எத்தனை தடவை தப்பா அடிச்சாலும் லக்ஸ் டேட்டாவை அழிக்காது, அதனால பதறாம முயற்சி பண்ணலாம்.

எந்த லேஅவுட் ஓடுதுன்னு சந்தேகமா இருந்தா கண்ணால பார்க்கவும் ஒரு வழி இருக்கு. மூணு தடவை தப்பா போச்சுன்னா, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தா `(initramfs)`னு ஒரு ப்ராம்ப்ட் வரும். அங்கே அடிக்கிறது மறையாது. ஷிஃப்ட்+2 அழுத்துங்க. @ வந்தா அமெரிக்க லேஅவுட், " வந்தா பிரிட்டிஷ்.

திரும்ப வராம பண்றது

உள்ளே போனதும் முதல் வேலை பேக்கப். அடுத்து, சிஸ்டம் லேஅவுட்டையும் பூட் நகலையும் ஒண்ணாக்குறது:

```
sudo dpkg-reconfigure keyboard-configuration
sudo update-initramfs -u
```

ஆனா நான் அதோட நிறுத்த மாட்டேன். லக்ஸ்ல ஒரே டிஸ்குக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டு வெச்சுக்கலாம். அதனால அமெரிக்க, பிரிட்டிஷ் ரெண்டு லேஅவுட்லயும் மாறாத ஒரு பாஸ்வேர்டைக் கூடுதலா சேர்த்துடுங்க. `lsblk -f` அடிச்சு `crypto_LUKS`னு இருக்கிற பார்ட்டிஷனைக் கண்டுபிடிச்சு, கீழே அந்தப் பேரைப் போடுங்க:

```
sudo cryptsetup luksAddKey /dev/nvme0n1p3
sudo cryptsetup open --test-passphrase /dev/nvme0n1p3
```

ரெண்டாவது வரி புது பாஸ்வேர்டு திறக்குதான்னு சோதிக்கும். எர்ரர் எதுவும் வரலன்னா சரி. ஆனா இந்த சோதனை டெஸ்க்டாப் லேஅவுட்ல நடக்குது, அதனால ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணியும் பாருங்க. அது வரைக்கும் பழைய பாஸ்வேர்டை நீக்காதீங்க.

மாறாத பாஸ்வேர்டுன்னா என்ன? சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். குறிகளை விட்டதை நீளத்தால ஈடு கட்டுங்க, சம்பந்தமில்லாத அஞ்சாறு வார்த்தை போதும். உங்க ரீஃபர்பிஷ்டு லேப்டாப் ஜெர்மன் கீபோர்டுன்னா y, z ரெண்டையும் தவிர்க்கணும், அங்கே அது இடம் மாறியிருக்கும். நம்ம ஊர்ல புதுசா வாங்குற லேப்டாப் பெரும்பாலும் அமெரிக்க கீபோர்டுதான், அதுல இந்தச் சிக்கல் கம்மி. ஆனா அதுலயும் 4-ம் நம்பர் கீல ₹ போட்டிருக்குன்னு அதை டிஸ்க் பாஸ்வேர்டுல வெச்சுடாதீங்க. அமெரிக்க அட்டவணையில ₹ கிடையாது. தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான்.

கீபோர்டே வேலை செய்யலைன்னா

அது லேஅவுட் பிரச்சனை இல்லை. புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் ஓஎஸ் வந்த பிறகுதான் இணையும், அதனால ஒரு வயர் கீபோர்டு கைவசம் வெச்சுக்கோங்க. அதுவும் போகலன்னா பயாஸ்ல ஃபாஸ்ட் பூட்டை ஆஃப் பண்ணிப் பாருங்க, சில மெஷின்ல அது யுஎஸ்பியைத் தயார் பண்ணாமலே தாண்டிடும். தனி நம்பர் பேட்ல எண் விழலன்னா நம்லாக் ஆஃப்ல இருக்கும், மேல் வரிசை எண்களை அழுத்துங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு எண் கீகள் ஒத்துவரலன்னா, எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10 பூஜ்யம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.