"எங்கை பிள்ளை அமத்தினனீ?"

மின்னஞ்சலில் படம் அனுப்பும் முறையை எங்கள் சங்கத்துப் பெண்களுக்குக் காட்ட, OBS Studio மூலம் கணினித் திரையை 12 நிமிடம் பதிவுசெய்தேன். கைத்தொலைபேசியில் பார்த்த பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்கை பிள்ளை அமத்தினனீ?"

நியாயமான கேள்வி. சிறிய திரையில் என் சுட்டி எறும்பளவாகியிருந்தது.

மறுமுறை PowerToys என்னும் இலவச மென்பொருளை நிறுவினேன். பதிவு தொடங்குமுன் Win+Shift+H அழுத்தினால், பின்னர் சொடுக்கும் இடமெல்லாம் மஞ்சள் வட்டம் தோன்றும். பெரிதாக்குவதற்கு அதிலுள்ள ZoomIt வசதியை இயக்கி, Ctrl+1 அழுத்தினேன். இங்கேதான் தடுமாறினேன். பெரிதாகத் தெரிவது உறைந்த படம். அதில் சொடுக்கினாலும் பொத்தான் வேலை செய்யாது. ஆகவே படம் இணைக்கும் கிளிப் அடையாளத்தைப் பெரிதாக்கி, அதன் பெயரைச் சொல்லி, மூன்று எண்ணும்வரை காத்திருந்தேன். Esc அழுத்தித் திரும்பிய பின்பே சொடுக்கினேன்.

குரலுக்கு மின்விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். நேரே வைத்தால் 'ப' வரும் சொற்களில் மூச்சுக்காற்று இடிக்கும். முதலில் 10 விநாடி பதிந்து, காதொலிப்பானில் கேட்டுப்பார்த்தேன். 'இதை', 'அங்கே' என்னாமல், "கீழே, நீல நிற அனுப்பு பொத்தான்" என்றே சொன்னேன்.

பின்னர் மூன்று துண்டுகளாக்கினேன்: கடிதம் தொடங்குதல், படம் இணைத்தல், அனுப்பியதைச் சரிபார்த்தல். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். பெரியம்மா இரண்டாவதை மட்டும் நாலு தரம் பார்த்தாராம். அன்றிரவே அவரது செவ்வரத்தம்பூப் படம் வந்தது, தலைப்பில்லாமல். அந்த இடத்தை நான் பெரிதாக்கிக் காட்டவில்லை.