மூன்று இனம், இரண்டு நெடுவரிசை

அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்ற மூன்று இனப் பென்குவின்கள் கூடு கட்டுகின்றன. 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே பறவைகளைப் பிடித்து அலகின் நீளம், துடுப்பின் நீளம், உடல் எடை என்று அளந்து குறித்தார்கள். மொத்தம் 344 பறவைகள். இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எடை பதிவாகியிருக்கிறது. புள்ளியியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் இன்று இந்தத் தரவில்தான் கை பழகுகிறார்கள்.

அதில் எழும் முதல் கேள்வி எளியது. இனத்துக்கு இனம் எடை எவ்வளவு மாறுகிறது? சராசரி எடுத்தாலே விடை தெரிந்துவிடும். 151 அடேலிகளின் சராசரி 3701 கிராம், 68 சின்ஸ்ட்ராப்களுடையது 3733 கிராம், 123 ஜென்டூக்களுடையது 5076 கிராம். ஆனால் ஆய்வாளர் இத்துடன் நிற்கமாட்டார். ஆணா பெண்ணா, எந்தத் தீவு, துடுப்பு எவ்வளவு நீளம் என்பவற்றையும் ஒருசேரக் கணக்கில் கொள்ள விரும்புவார். அதற்குத்தான் தொடர்புப்போக்கு எனப்படும் ரெக்ரஷன். ஒன்று மாறும்போது எடை எவ்வளவு மாறும் என்று சொல்லும் சமன்பாடு அது. எண்களை மட்டுமே ஏற்கும் என்பதுதான் சிக்கல். 'அடேலி' என்பது எண் அல்லவே.

அடேலிக்கு 1, சின்ஸ்ட்ராப்புக்கு 2, ஜென்டூவுக்கு 3 என்று போட்டால் போகிறது என்று சிலர் செய்வதுண்டு. கணினியும் மறுக்காது. ஆனால் 1-லிருந்து 2-க்குப் போனால் எடை எவ்வளவு கூடுகிறதோ, 2-லிருந்து 3-க்குப் போனாலும் அவ்வளவே கூட வேண்டும் என்று நாமே சமன்பாட்டைக் கட்டிப்போட்டுவிடுகிறோம். உண்மையில் முதல் படியின் உயரம் 32 கிராம், இரண்டாவதன் உயரம் 1343 கிராம். அந்த 1, 2, 3 என்ற வரிசையும் பறவைகளிடமிருந்து வந்ததல்ல, ஆங்கில அகரவரிசையில் வந்தது.

சரியான வழி, ஒவ்வொரு இனத்தையும் ஆம்–இல்லை கேள்வியாக்குவது. 'இது சின்ஸ்ட்ராப்பா?' என்று ஒரு நெடுவரிசை. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. 'இது ஜென்டூவா?' என்று இன்னொன்று. இவற்றைத்தான் டம்மி மாறிகள் என்கிறார்கள். அடேலிக்கு நெடுவரிசையே வேண்டாம். இரண்டிலும் 0 இருந்தால் அது அடேலி என்று தானாகத் தெரிந்துவிடும். ஆர் மொழியில் ஒரு வரி எழுதினால் இதை அதுவே செய்துகொள்கிறது.

```r
lm(body_mass_g ~ species, data = penguins)
```

விடையாக மூன்று எண்கள் வரும். மாறிலி 3701, சின்ஸ்ட்ராப்பின் கெழு 32, ஜென்டூவின் கெழு 1375. மாறிலி என்பது அடேலியின் சராசரி எடை. மற்ற இரண்டும் எடைகளே அல்ல, அடேலியிலிருந்து உள்ள தூரங்கள். 3701-உடன் 1375-ஐக் கூட்டினால் ஜென்டூவின் 5076 கிடைக்கும். நெடுவரிசை கொடுக்காமல் விட்ட அடேலிதான் இங்கே அடிப்படை வகை. எல்லா ஒப்பீடும் அதை வைத்துத்தான்.

அடேலியை விட்டுவிட்டோமே, அதற்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தால் கணக்கு முழுமையாகுமே என்று தோன்றுவது இயல்பு. பொறி இருப்பது அங்கேதான்.

ஒவ்வொரு பறவையும் மூன்று இனங்களில் ஏதாவது ஒன்றுதான். ஆகவே மூன்று நெடுவரிசைகளையும் எந்த வரிசையில் கூட்டினாலும் விடை 1. மாறிலியும் கணக்குக்குள் எல்லா வரிசைகளிலும் 1 என்று எழுதிய ஒரு நெடுவரிசைதான். அதாவது மாறிலி சொல்வதையே மூன்று டம்மிகளும் சேர்ந்து மறுபடி சொல்கின்றன. ஒரே அளவுள்ள மூன்று சாக்குகளில் அரிசியைக் கட்டி, சாக்கோடு எடை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டையில் அரிசி எவ்வளவு கூடுதல் என்று துல்லியமாகச் சொல்லலாம். சாக்கின் எடை எவ்வளவு, அரிசியின் எடை எவ்வளவு என்று தனித்தனியாக எத்தனை முறை நிறுத்தாலும் சொல்ல முடியாது. சாக்கின் கணக்கில் ஒரு கிலோவைக் கூட்டி, மூன்று அரிசியின் கணக்கிலும் ஒரு கிலோவைக் குறைத்தால் தராசு அதையும் ஏற்கும்.

இங்கேயும் அதேதான். மாறிலி 3701, கெழுக்கள் 0, 32, 1375 என்பது ஒரு விடை. மாறிலி 0, கெழுக்கள் 3701, 3733, 5076 என்பதும் ஒரு விடை. மாறிலியை 10,000 என்று வைத்துக்கொண்டு மூன்று கெழுக்களையும் அதற்கேற்பக் குறைத்தாலும் பறவைகளுக்குக் கணிக்கும் எடை இம்மி மாறாது. முடிவில்லாத விடைகள், எல்லாம் சம அளவு பொருந்துகின்றன. பொருளியலாளர் டேனியல் சூட்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலை எடுத்துவைத்து, கெழுக்கள் மீது ஒரு கட்டுப்பாடு விதிக்காமல் தீராது என்று காட்டினார். அவற்றில் எளியது ஒரு வகையின் கெழுவைச் சுழியாக்குவது, அதாவது அந்த நெடுவரிசையை விட்டுவிடுவது.

கணினி இந்த இடத்தில் நின்றுவிட்டால் நல்லது. எல்லா மென்பொருளும் நிற்பதில்லை. மூன்று நெடுவரிசைகளையும் நாமே தயாரித்துக் கொடுத்தால் ஆர் கடைசியான ஜென்டூவை ஒதுக்கி, அதன் எதிரே `NA` என்று காட்டி, `1 not defined because of singularities` என்று ஒரு குறிப்பும் போடும். சத்தமில்லாமல் ஜென்டூ அடிப்படை வகையாகிவிட்டது என்பதைப் படிப்பவர்தான் உணர வேண்டும். பைத்தானில் இன்னும் கவனம் தேவை.

```python
X = pd.get_dummies(df["species"], dtype=float)
X = sm.add_constant(X)
sm.OLS(df["body_mass_g"], X, missing="drop").fit()
```

முடிவில்லாத விடைகளில் கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் ஒன்றை இது தேர்ந்தெடுக்கிறது. மாறிலி 3127, அடேலி 573, சின்ஸ்ட்ராப் 606, ஜென்டூ 1949. திட்டப் பிழைகளும் பி-மதிப்புகளும்கூட ஒழுங்காக அச்சாகும். அந்த 3127 கிராம் எந்த இனத்தின் சராசரியும் அல்ல, மூன்றின் மொத்தச் சராசரியும் அல்ல, மூன்றையும்விடக் குறைவானது. 'அடேலி எடையை 573 கிராம் கூட்டுகிறது' என்று அறிக்கையில் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. ஆனால் 1949-இலிருந்து 573-ஐக் கழித்துப் பாருங்கள், அதே 1375 வருகிறது (தசமங்களை முழுமையாக்கியதால் ஒரு கிராம் முன்பின் இருக்கும்). வேறுபாடுகள் பத்திரமாக இருக்கின்றன, தனி எண்கள்தான் பொய். விழுந்துவிட்டோம் என்று காட்டும் தெளிவான தடயம் `.summary()` அச்சிடும் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் `design matrix is singular` என்ற சொற்கள். `get_dummies`-இல் `drop_first=True` என்று சேர்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

மாறிலியை எடுத்துவிட்டு மூன்று டம்மிகளையும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அப்போது மூன்று கெழுக்களும் மூன்று சராசரிகளாகவே வரும், படிக்கச் சுகம். ஆனால் ஆர்-ஸ்கொயரைப் பார்க்கக்கூடாது. மாறிலியோடு செய்தபோது அது 0.67. எடை வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கை இனம் விளக்குகிறது என்று பொருள். மாறிலி இல்லாமல் ஆரில் செய்தால் அதே தரவு, அதே கணிப்புகள், ஆர்-ஸ்கொயர் மட்டும் 0.99 ஆகிவிடும். காரணம், முன்பு சராசரி எடையிலிருந்து விலகலை அளந்தது, இப்போது சுழியிலிருந்து அளக்கிறது. எந்தப் பென்குவினும் சுழி கிராம் இல்லை என்பதைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த மதிப்பெண் அது. தவிர, இந்த வழி ஒரே ஒரு வகைப்பாட்டுக்குத்தான் செல்லும். இனத்தோடு ஆண், பெண் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் முழுதாகச் சேர்த்தால், இரண்டு தொகுதிகளும் தனித்தனியே 1 என்று கூடி, மாறிலி இல்லாமலேயே பொறி திரும்ப விழும்.

பொறியைத் தாண்டியவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இதை நான் பெரிதாகச் சொல்வேன், ஏனென்றால் இதற்கு எந்த மென்பொருளும் எச்சரிக்கை தருவதில்லை. அடேலியை அடிப்படையாக வைத்த அட்டவணையில் சின்ஸ்ட்ராப்பின் 32 கிராமுக்குத் திட்டப் பிழை சுமார் 68. எனவே பி-மதிப்பு 0.63, நட்சத்திரக் குறி ஏதும் இல்லை. உடனே 'சின்ஸ்ட்ராப் முக்கியமில்லை' என்று அந்த நெடுவரிசையை நீக்குகிறார்கள். நீக்கினால் சின்ஸ்ட்ராப்கள் எங்கே போகும்? ஜென்டூ நெடுவரிசையில் 0 உள்ளவை எல்லாம் ஒரே கூட்டமாகி, அடேலியும் சின்ஸ்ட்ராப்பும் கலந்த 3711 கிராம் என்ற புதிய அடிப்படை உருவாகும். இரண்டு இனங்களை ஒன்றாக்கிவிட்டோம், யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை. அடிப்படையை ஜென்டூவுக்கு மாற்றி அதே கணக்கைப் போட்டிருந்தால், அதே சின்ஸ்ட்ராப்பின் கெழு −1343 என்று வந்திருக்கும், நட்சத்திரங்களோடு. அந்தப் பி-மதிப்பு சின்ஸ்ட்ராப்பைப் பற்றியதல்ல, சின்ஸ்ட்ராப்புக்கும் அடிப்படைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது. இனம் முக்கியமா என்று கேட்க வேண்டுமானால் இரண்டு டம்மிகளையும் சேர்த்து ஒரே சோதனையாக, எஃப்-சோதனையில் கேட்க வேண்டும். வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும், எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும்.

ஆகவே அடிப்படை வகையை அகரவரிசையிடம் விட்டுவிடாமல் நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. எதனோடு ஒப்பிட்டால் வாசகருக்குப் பயனோ அது. மிகச் சில பறவைகளே உள்ள இனத்தை அடிப்படையாக்கினால் அதன் சராசரியின் தள்ளாட்டம் எல்லா ஒப்பீடுகளிலும் ஏறிக்கொள்ளும்.

இதே தரவில் பொறியின் இன்னொரு வடிவமும் இருக்கிறது. அளவெடுத்த தீவுகள் பிஸ்கோ, டிரீம், டார்கர்சன். தீவுக்கு ஏற்ப இனங்களின் வேறுபாடு மாறுகிறதா என்று அறிய, இன டம்மிகளைத் தீவு டம்மிகளோடு பெருக்கிய நெடுவரிசைகளைச் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வகையை ஒழுங்காக விட்ட பிறகும் ஆர் நான்கு `NA`-க்களைக் காட்டும். பெருக்கி வந்த நான்கு நெடுவரிசைகளும் விழுந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும். இந்தத் தரவில் அடேலி மூன்று தீவுகளிலும் உண்டு, ஜென்டூ பிஸ்கோவில் மட்டும், சின்ஸ்ட்ராப் டிரீமில் மட்டும். இனமும் தீவும் சேர்ந்த ஒன்பது கட்டங்களில் ஐந்தில்தான் பறவை இருக்கிறது. ஐந்து சராசரிகளிலிருந்து ஐந்து எண்களைத்தான் எடுக்க முடியும், ஒன்பதை எடுக்க முடியாது. அடிப்படையை மாற்றினாலும் மாறிலியை எடுத்தாலும் இந்த `NA` போகாது. டிரீம் தீவில் ஜென்டூ எவ்வளவு எடை இருக்கும் என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் அங்கே ஒரு ஜென்டூவைப் பிடித்து நிறுத்திருக்க வேண்டும்.