கொன்றவரா, கொல்லப்பட்டவரா?

அரபுச் செய்தித்தாள் ஒன்றின் செய்தி வரியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'வந்து சேர்ந்தார் வெளியுறவு அமைச்சர் நேற்று கெய்ரோவுக்கு' என்று மேடைப்பேச்சு போல ஒலிக்கும். அரபு வாசகர் காதில் அதில் எந்த முழக்கமும் விழாது. வினை, எழுவாய், செயப்படுபொருள் என்பதே அங்கே சாதாரண நடை. ஆங்கிலத்திலோ எழுவாய் முன்னால் நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் அமைச்சரை முன்னால் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. வினை முதலில் வந்ததாலேயே அதற்கு அழுத்தம் கொடுப்பது புதியவர்கள் செய்யும் பிழை.

அரபு தன் வழக்கமான வரிசையை மீறும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

11ஆம் நூற்றாண்டில் ஜுர்ஜான் நகரில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி இதற்கு ஓர் உதாரணம் காட்டினார். ஊரை அலைக்கழித்த காரிஜிக் கலகக்காரன் ஒருவன் கொல்லப்படுகிறான். செய்தி சொல்பவர் 'கதல அல்காரிஜிய்ய ஸைதுன்' என்கிறார். கொன்றான், காரிஜியை, ஸைது. எழுவாயான ஸைது கடைசிக்குப் போய்விட்டான். கலகக்காரன் ஒழிந்தானா என்பதே ஊரின் கவலை. யார் கையால் என்பது இரண்டாம்பட்சம்.

வரிசை மாறியும் குழப்பம் வராததற்குக் காரணம் வேற்றுமை விகுதி. தமிழின் 'ஐ' போல அங்கே சொல்லின் ஈற்றில் 'அ' ஒலி. அச்சில் அந்தக் குறிகளை இடுவதில்லை என்றாலும் ஒரு தடயம் மிஞ்சும்: ஸைது கொல்லப்பட்டவனாக இருந்தால் அவன் பெயரின் கடைசியில் ஓர் 'அலிஃப்' எழுத்து நின்றிருக்கும்.

'ஸைது கில்ட் த காரிஜைட்' என்று ஆங்கிலமாக்கினால் தகவல் சரி, ஆனால் ஸைது கதாநாயகனாகிவிடுகிறான். 'த காரிஜைட் வாஸ் கில்ட் பை ஸைது' என்ற செயப்பாட்டு வினை பலரும் எடுக்கும் வழி. அதிலும் ஒரு சிக்கல்: ஆங்கிலம் புதுச் செய்தியை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் மொழி. 'பை ஸைது' அங்கே நின்றால், கொன்றது ஸைதுதான் என்பதே செய்தியாகிவிடக்கூடும். ஆகவே முதன்முறை அறிவிக்கும் இடத்தில் இரண்டாக உடைப்பது மேல்: 'த காரிஜைட் இஸ் டெட். ஸைது கில்ட் ஹிம்.'

கேள்வியிலும் இதே கதை. 'அ-பனைத்த' என்று வினையைத் தொட்டுக் கேட்டால், கட்டினாயா இல்லையா என்பது ஐயம். 'அ-அன்த்த பனைத்த' என்றால் வீடு கண்ணெதிரே நிற்கிறது. கட்டியவர் யார் என்பதே கேள்வி. ஆங்கில அச்சில் 'டிட் யூ பில்ட் இட்' இரண்டுக்கும் பொது என்பதால், இரண்டாவதை 'வாஸ் இட் யூ ஹூ பில்ட் இட்' என்று நீட்ட வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை: 'நீ கட்டினாயா?', 'நீயா கட்டினாய்?'