மாதம் நான்கு கட்டுரை, ஆனால் எது வரை?

"மாதம் 4 கட்டுரை, 16,000 ரூபாய்" என்று ஒரே வரியில் ஸ்டார்ட்அப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும் எழுத்தாளர்கள் அநேகம். சம்மதமும் வந்துவிடும். சிக்கல் இரண்டாம் மாதத்தில் தொடங்கும். "கூடவே லிங்க்ட்இன் பதிவும் எழுதிக் கொடுத்துடுங்க" என்பார் நிறுவனர். அவரைக் குறை சொல்ல முடியாது. அது வேலையில் அடங்காது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

மளிகைக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். நிறுவனத்துக்கு அனுப்பும் புரொபோசலில் முதலில் வரவேண்டியது வேலையின் எல்லை: மாதம் 4 வலைப்பூக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 சொற்கள், தலைப்புகள் முந்தைய மாதம் 25ஆம் தேதிக்குள் முடிவாகும், கட்டுரைக்கு இரண்டு முறை திருத்தம். அடுத்த வரியிலேயே அடங்காதவற்றையும் எழுதுங்கள்: படங்கள், சமூக ஊடகப் பதிவுகள், தளத்தில் ஏற்றுவது. இவை வேண்டுமென்றால் தனிக் கட்டணம். என்னைக் கேட்டால், முழு ஆவணத்திலும் அதிகம் உதவுவது இந்த வரிதான்.

விலையை மணிக்கணக்கில் போடுவதே நல்லது. தகவல் திரட்டவும் ஒரு கடைக்காரரிடம் பேசவும் 3 மணி, எழுத 3 மணி, திருத்த 2 மணி, மொத்தம் 8. மணிக்கு 500 ரூபாய் என்றால் கட்டுரைக்கு 4,000, மாதத்துக்கு 16,000. சொல்லுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், கடைக்காரரிடம் பேசிய நேரத்துக்குக் காசு கிடைக்காது. நாளடைவில் பேசுவதே நின்று, கட்டுரைகள் இணையத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடும்.

பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒப்புதல் தாமதம். நிறுவனர் முதலீட்டாளர்களைப் பார்க்க அலைந்துகொண்டிருப்பார். கட்டுரை அவருடைய மெயிலிலேயே கிடக்கும். "5 வேலை நாட்களில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும்" என்று ஒரு வரி எழுதுங்கள். பாதித் தொகை மாதத் தொடக்கத்தில், மீதி பில் அனுப்பிய 15 நாளில் என்றும் குறிப்பிடுங்கள்.

ஆண்டுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டுவதால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். கைக்கு வருவது 14,400 ரூபாய். பிடித்த 1,600 ரூபாயை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

பதிப்புரிமையையும் விட்டுவிடாதீர்கள். இந்தியச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். முழுத் தொகையும் வந்தபின் உரிமை நிரந்தரமாக நிறுவனத்துக்கு என்று எழுதினால் இருவருக்கும் நல்லது.

இவை எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். "ஒப்புக்கொள்கிறோம்" என்ற பதில் எழுத்தில் வந்தபிறகே முதல் கட்டுரையைத் தொடங்குங்கள்.