பெரிய மாடலுக்குச் சிறிய நினைவகம்

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் லாமா 2 மொழி மாடல்களை வெளியிட்டது. அவற்றில் சிறியது சுமார் 700 கோடி எண்களால் ஆனது, பெரியது 7,000 கோடி. உரையாடலை நினைவில் வைத்திருக்க, ஒரு டோக்கனுக்குச் சிறிய மாடல் 512 கிலோபைட் கேட்கிறது. பத்து மடங்கு பெரிய அண்ணனோ 320 கிலோபைட்டோடு நிறுத்திக்கொள்கிறது!

இது எப்படி என்று பார்க்க, மாடல் எழுதும் முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். அது சொல்லையோ சொல்லின் துண்டையோ ஒவ்வொன்றாகத்தான் எழுதும். அந்தத் துண்டுதான் டோக்கன். அடுத்த டோக்கனை எழுதுமுன், அதுவரை வந்த அத்தனை டோக்கன்களையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். இதற்காக ஒவ்வொரு அடுக்கிலும் பல 'ஹெட்'கள் உண்டு. ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரு டோக்கனுக்கு மூன்று எண்வரிசைகள் உருவாகும்: கொயரி, கீ, வேல்யூ. கோப்பு அலமாரியில் ஒன்றைத் தேடுவதுபோல என்று வைத்துக்கொண்டால், கொயரி என்பது தேடுபவரின் கேள்வி, கீ என்பது கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு, வேல்யூ உள்ளே இருக்கும் தாள்.

கேள்வி கேட்டு முடிந்ததும் கொயரிக்கு வேலை இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம். கீயும் வேல்யூவும் அப்படியல்ல. பின்னால் வரும் ஒவ்வொரு டோக்கனும் அவற்றைத் தேடி வரும் என்பதால் உரையாடல் முடியும்வரை ஜிபியு நினைவகத்தில் வைத்திருந்தாக வேண்டும். இந்தச் சேமிப்புக்குப் பெயர் கேவி கேஷ். மாடலின் எண்களை ஒருமுறை ஏற்றினால் எல்லாப் பயனர்களும் பகிர்ந்துகொள்ளலாம். கேஷோ ஆளுக்கு ஒன்று. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது.

லாமா 2-இன் பெரிய மாடலில் 80 அடுக்குகள், அடுக்குக்கு 64 கொயரி ஹெட்கள், ஹெட்டுக்கு 128 எண்கள். ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனிக் கீ, தனி வேல்யூ என்று கொடுத்திருந்தால் ஒரு டோக்கனுக்கு 13 லட்சம் எண்களைச் சேமிக்கவேண்டும். எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 2.5 மெகாபைட். அந்த மாடலின் முழு நீளமான 4,096 டோக்கனுக்கு உரையாடல் நீண்டால் 10 ஜிபி. எட்டுப் பேர் சேர்ந்தால் 80 ஜிபி, அதாவது ஒரு பெரிய ஏ100 அட்டை முழுக்கக் கேஷுக்கே போய்விடும்.

மெட்டா அப்படிச் செய்யவில்லை. 64 கொயரி ஹெட்களையும் எட்டெட்டாகப் பிரித்து, எட்டுக் குழுக்கள் ஆக்கியது. ஒரு குழுவுக்கு ஒரே கீ, ஒரே வேல்யூ. கேள்விகள் எட்டும் வெவ்வேறு, புரட்டும் கோப்பு மட்டும் ஒன்று. 10 ஜிபி, 1.25 ஜிபியாகச் சுருங்கியது. சிறிய மாடலில் இந்தப் பகிர்வு இல்லை, 32 ஹெட்களுக்கும் தனித்தனிச் சேமிப்பு. முதலில் சொன்ன முரணுக்குக் காரணம் இவ்வளவுதான்.

பகிரும் யோசனை பழசு. 2019-இல் நோம் ஷசீர் எல்லா ஹெட்களுக்கும் சேர்த்து ஒரே கீ, ஒரே வேல்யூ போதும் என்று எழுதினார். வேகம் கூடியது, ஆனால் பதிலின் தரம் சற்றுக் குறைந்தது, பயிற்சியும் சில இடங்களில் தடுமாறியது. 2023-இல் கூகுள் ஆய்வாளர்கள் குழு இரண்டுக்கும் நடுவழியாக 'குரூப்டு கொயரி அட்டென்ஷன்' முறையை முன்வைத்தது. அவர்கள் காட்டியதில் கெட்டிக்காரத்தனமான பகுதி இன்னொன்று. ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலைக்கூட மாற்றிவிடலாம்: ஒரு குழுவின் கீ அணிகளைச் சராசரி எடுத்து ஒன்றாக்கி, வேல்யூ அணிகளையும் அப்படியே செய்து, முதல் பயிற்சிக்கு ஆன கணிப்பில் 5 சதவீதம் அளவுக்கு மட்டும் மறுபயிற்சி கொடுத்தால் போதும்.

எட்டு என்ற எண்ணுக்கு ஒரு வசதியும் உண்டு. பெரிய மாடலை எட்டு ஜிபியுக்களில் பிரித்து ஓட்டுவது வழக்கம். அட்டைக்கு ஒரு கீ-வேல்யூ ஹெட் என்று கச்சிதமாகப் பங்கிடலாம். ஒன்றே ஒன்று இருந்தால் அதையே எட்டு அட்டையிலும் நகலெடுத்து வைக்கவேண்டும், எட்டு வைத்ததைவிடக் கூடுதலாக இடம் எதுவும் மிச்சமாகாது.

மாடலின் எடை இதனால் பெரிதாகக் குறைவதில்லை, 7,000 கோடி எண்களுக்கு 140 ஜிபி அப்படியேதான் வேண்டும். உரையாடல் நீள நீளக் கேஷும் வளரும். லாமா 3.1-இன் 800 கோடி எண் மாடல் குழுப் பகிர்வு கொண்டதுதான். அதிலேயே 1,31,072 டோக்கன் என்ற முழு நீளத்துக்கு 16 ஜிபி கேஷ் ஆகிறது, மாடலின் எடைக்குச் சமம். பகிராவிட்டால் 64 ஜிபி. ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் பொதுவாக அதிக டோக்கன் எடுப்பதால், நமக்கு அந்த இடம் இன்னும் சீக்கிரமே நிரம்பும்.

கையில் இருக்கும் மாடல் எந்த வகை என்று அறிய `config.json` கோப்பைத் திறந்தால் போதும்.

```
"num_attention_heads": 64,
"num_key_value_heads": 8
```

இரண்டு எண்ணும் ஒன்றானால் பகிர்வு இல்லை. கீழே 1 இருந்தால் ஷசீரின் முறை. சில நிரல்கள், சேமித்த எட்டைக் கணக்குப் போடும் நேரத்தில் 64 ஆக நகலெடுத்து விரிக்கும். அப்போது சேமிப்பிடம் மிச்சமாகும், ஆனால் நினைவகத்திலிருந்து படிக்கும் நேரம் எதிர்பார்த்தபடி குறையாது.