ஒரு சுற்றை எங்கிருந்து தொடங்கினால் என்ன?

சற்றே சாய்த்து வைத்த வட்டத் தண்டவாளத்தில் ஒரு பொம்மை ரயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாழ்வான இடத்தில் வேகமாக ஓடும். உச்சிக்கு ஏற ஏற வேகம் குறையும். தாழ்ந்த புள்ளியிலிருந்து அது கடந்த கோணத்தை x என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் விநாடிக்கு 2 + cos x ரேடியன் என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது கீழே வேகம் 3, உச்சியில் 1. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சின்னஞ்சிறு கோணம் dx-ஐக் கடக்க ஆகும் நேரம், அந்தக் கோணத்தை அங்குள்ள வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் துளி நேரங்களை எல்லாம் கூட்டுவதுதான் தொகையிடல். ஆக, நமக்கு வேண்டியது 1/(2 + cos x) என்ற சார்பின் தொகை. எல்லைகள் 0 முதல் 2π வரை.

கணக்குக்குள் போகும் முன் ஒரு கேள்வி. கடிகாரத்தைத் தாழ்ந்த புள்ளியில்தான் தட்டிவிட வேண்டுமா? உச்சியில் தட்டிவிட்டு, ரயில் மறுபடி உச்சிக்கு வரும்போது நிறுத்தினால் வேறு நேரமா காட்டும்? காட்டாது. எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒரு சுற்றில் ரயில் தண்டவாளத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே ஒருமுறைதான் கடக்கிறது.

இதைக் கணித மொழியில் சொல்வதும் எளிது. 0 முதல் 2π வரை எடுக்க வேண்டிய தொகையை a முதல் a + 2π வரை நகர்த்தி எடுக்கிறோம் என்று கொள்வோம். இடப்பக்கம் 0 முதல் a வரையுள்ள துண்டு விட்டுப்போகிறது. வலப்பக்கம் 2π முதல் 2π + a வரை ஒரு துண்டு புதிதாகச் சேர்கிறது. சார்பு 2π-க்கு ஒருமுறை அப்படியே திரும்ப வருவதால் இரண்டு துண்டுகளும் அச்சு அசலாக ஒன்றே. போனதும் வந்ததும் சரியாகிவிடுகிறது. ஆகவே, காலமுறைச் சார்பு எதுவானாலும் ஒரு முழுச் சுழற்சிக்கான தொகை, தொடங்கும் இடத்தைப் பொறுத்து மாறாது.

இந்த உரிமை நம் கையில் இருப்பது எவ்வளவு உதவி என்பது ரயில் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். இந்த மாதிரித் தொகைகளுக்குப் பாடப்புத்தகம் காட்டும் வழி t = tan(x/2) என்ற பிரதியீடு. அதைப் போட்டால் cos x என்பது (1 − t²)/(1 + t²) ஆகும். dx என்பது 2 dt/(1 + t²) ஆகும். சுருக்கினால் கிடைப்பது இது:

```
dx / (2 + cos x)  =  2 dt / (3 + t²)
```

இதைத் தொகையிட்டால் (2/√3) · arctan(t/√3). இதுவரை பிழையே இல்லை. இனி எல்லைகளை மாற்ற வேண்டும். x = 0 என்றால் t = tan 0 = 0. x = 2π என்றால் t = tan π, அதுவும் 0. கீழெல்லையும் பூஜ்யம், மேலெல்லையும் பூஜ்யம். எனவே விடையும் பூஜ்யம். ரயில் நேரமே எடுத்துக்கொள்ளாமல் ஒரு சுற்றை முடித்துவிட்டதாம்!

விடை தவறு என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வழி நெடுக அதிகபட்ச வேகமான 3-லேயே ஓடினாலும் 2π/3, அதாவது சுமார் 2.09 விநாடி ஆகும். குறைந்தபட்ச வேகமான 1-லேயே ஊர்ந்தால் 6.28 விநாடி. உண்மையான விடை இவ்விரண்டுக்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். தொகையிடும் சார்பு எங்குமே பூஜ்யத்தைத் தொடாமல் நேர்குறியிலேயே இருக்கும்போது, தொகை மட்டும் பூஜ்யமாக வராது.

கோளாறு நடுவில், x = π என்ற உச்சிப் புள்ளியில் இருக்கிறது. x அதை நெருங்கும்போது tan(x/2) முடிவிலியை நோக்கி ஏறுகிறது; அதைத் தாண்டிய கணமே எதிர் முடிவிலியிலிருந்து தலைகாட்டுகிறது. ரயில் உச்சியை வழுக்கிக்கொண்டு கடந்துவிடுகிறது. நாம் போட்ட t-தான் அங்கே அறுந்துபோகிறது. அறுந்த இடத்தைக் கவனிக்காமல் இரண்டு முனைகளை மட்டும் பார்த்ததால் வந்தது அந்தப் பூஜ்யம்.

0 முதல் π வரை ஒன்று, π முதல் 2π வரை இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். ஆனால் அந்த வேலைகூட வேண்டியதில்லை. கடிகாரத்தை உச்சியில் தட்டிவிட்டால் போதும். எல்லைகளை −π முதல் π வரை என்று நகர்த்திவிடுங்கள். அறுந்த இடம் இப்போது நடுவில் இல்லை. இரண்டு ஓரங்களுக்குப் போய்விட்டது. t எதிர் முடிவிலியில் தொடங்கி, பூஜ்யம் வழியாக, எங்கும் அறுபடாமல் முடிவிலி வரை ஏறுகிறது. arctan ஒரு முனையில் −π/2, மறுமுனையில் π/2, வித்தியாசம் π. ஆக விடை 2π/√3, சுமார் 3.63 விநாடி. 2.09-க்கும் 6.28-க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

−π முதல் π வரை என்று நகர்த்துவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பூஜ்யத்துக்கு இருபுறமும் எல்லைகள் சமமாக விழுகின்றன. மேலே sin x இருந்து sin x/(2 + cos x) என்று கணக்கு வந்தால், வலப்பக்கத்து மதிப்புகள் குறி மட்டும் மாறி இடப்பக்கத்தில் நிற்கும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, விடை பூஜ்யம். இந்த முறை அது உண்மையான பூஜ்யம். பேனாவைத் திறக்கவே வேண்டாம்.

இதே உண்மையைக் கருவிகளும் நம்பியிருக்கின்றன. மல்டிமீட்டரில் பேட்டரியின் வோல்டேஜை அளக்கும்போது, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஒயரில் கொஞ்சம் ஏறிவிடும். அதன் ஒரு சுழற்சி 20 மில்லி விநாடி. தொகையிட்டு அளக்கும் வகை மீட்டர்கள் வோல்டேஜை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குக் கூட்டிச் சராசரி எடுக்கின்றன. அந்த நேரம் சரியாக 20 மில்லி விநாடியாக இருந்தால், இரைச்சல் அலையின் எந்தக் கட்டத்தில் அளவு தொடங்கினாலும் அதன் பங்கு பூஜ்யம். மாறாக 15 மில்லி விநாடி என்று வைத்தால், 10 மில்லிவோல்ட் உச்சமுள்ள இரைச்சல் தொடங்கிய கணத்தைப் பொறுத்து 3 மில்லிவோல்ட் வரை கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் இன்னும் வசதி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 5 முழுச் சுழற்சி, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 6 முழுச் சுழற்சி.

எல்லையை நகர்த்தும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இடைவெளி முழுச் சுழற்சியாகவோ முழுச் சுழற்சிகளின் மடங்காகவோ இருக்க வேண்டும். முக்கால் சுழற்சிக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதை மீட்டரிலேயே பார்த்தோம். மற்றொன்று, தொகைக்குள் இருப்பது மொத்தமாகவே திரும்பத் திரும்ப வருவதாக இருக்க வேண்டும். அதில் ஒரு காரணி மட்டும் திரும்ப வந்தால் போதாது. பரீட்சையில் அதிகம் சறுக்குவது இங்கேதான். x sin x என்பதில் sin x திரும்பி வரும். முன்னே நிற்கும் x திரும்பி வராது. 0 முதல் 2π வரை தொகையிட்டால் −2π கிடைக்கும். −π முதல் π வரை தொகையிட்டால் +2π. அளவு அப்படியே இருந்து குறி மட்டும் தலைகீழாவதால், அவசரத்தில் பார்க்கிறவர் இதைக் கூட்டல் கழித்தலில் விட்ட சின்னப் பிழை என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்.