அண்ணாச்சிக்கு 'விழுந்த' 3,200 பங்குகள்

இந்த எபிசோடுல ஐபிஓ பத்திப் பேசப் போறோம். எந்த ஐபிஓ-வுக்குப் போடலாம்னு இல்லை. ஐபிஓ பேரைச் சொல்லி எங்க தெரு மளிகைக் கடை அண்ணாச்சியோட சேமிப்பை ஒரு வாட்ஸ்அப் குழு எப்படிச் சுருட்டப் பார்த்துச்சு, அதை எந்த இடத்துல கண்டுபிடிக்கலாம்ங்கறதுதான் விஷயம். அவர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். "பேரு மட்டும் வேண்டாம் தம்பி"ன்னார்.

குழுவில் தினமும் காலையில் பங்கு டிப்ஸ் வரும். மதியத்துக்குள் நாலு பேர் லாபக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அவர்கள் அனுப்பிய லிங்க்கில் ஆப்பை இறக்கி, 25,000 ரூபாய் போட்டார் அண்ணாச்சி. சில நாளில் ஆப் 34,000 என்று காட்டியது. சோதித்துப் பார்க்க 2,000 ரூபாய் எடுத்தார். பத்தே நிமிடத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அதோடு சந்தேகம் போச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. வந்த 2,000 அவர் போட்ட பணம்தான். ஆப்பில் தெரிந்த 34,000, அந்த ஆளுங்க உட்கார்ந்து தட்டிய எண். அதற்குப் பின்னால் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்து ஐபிஓ வந்தது. மீதியிருந்த 32,000-ல், பங்கு 150 ரூபாய் வீதம் 200 பங்குக்கு விண்ணப்பித்தார். மொத்தம் 30,000. இரண்டு நாள் கழித்து, "வாழ்த்துகள்! உங்களுக்கு 3,200 பங்குகள் ஒதுக்கப்பட்டுள்ளன" என்று செய்தி. மதிப்பு 4,80,000. மீதி 4,50,000-ஐ மறுநாள் நாலு மணிக்குள் கட்டணும், இல்லைன்னா கணக்கு முடங்கும், கேஸ் வரும் என்று மிரட்டல்.

மகள் படிப்புக்கு வைத்திருந்த டெபாசிட்டை உடைக்க வங்கிக்குப் போனார். ஆர்டிஜிஎஸ் படிவத்தைப் பார்த்த ஊழியர், "பங்கு வாங்குறேன்னு சொல்றீங்க, பணம் ஏன் ஒரு ஜவுளிக் கடை கணக்குக்குப் போகுது?" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன் அடித்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அண்ணாச்சி, விண்ணப்பிச்சப்போ உங்க பேங்க் கணக்குல 30,000 பிளாக் ஆச்சா?"

"இல்லையே தம்பி. அது ஆப்புலதான இருந்துச்சு."

மோசடி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. ஏன்னு சொல்றேன். நம்மை மாதிரி சில்லறை முதலீட்டாளர்கள் ஐபிஓ-வுக்கு விண்ணப்பிப்பது 'ஆஸ்பா' என்ற முறையில். யூபிஐ வழியாகப் போட்டாலும் இதே முறைதான். விண்ணப்பத் தொகை நம் வங்கிக் கணக்கிலேயே பிளாக் ஆகி நிற்கும். யார் கைக்கும் போகாது. பங்கு கிடைத்தால், கிடைத்த அளவுக்கு மட்டும் கழிப்பார்கள். கிடைக்காவிட்டால் பிளாக் விலகும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். 200 பங்கு கேட்டவருக்கு 200 கிடைக்கலாம், குறைவாகக் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். 3,200 கிடைக்க வழியே இல்லை. அதனால் ஒதுக்கீடு வந்த பிறகு 'மீதியைக் கட்டு' என்ற பேச்சும் கிடையாது. ஒதுக்கிய பங்கு, என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்-இல் உங்கள் பெயரில் உள்ள டீமேட் கணக்கில் தெரியணும். ஆப் என்ன காட்டினாலும், அங்கே இல்லைன்னா பங்கு இல்லை.

இந்தச் சோதனை ஐபிஓ-வுக்குத்தான் பொருந்தும். சாதாரணமாகப் பங்கு வாங்க, புரோக்கருக்கு முன்கூட்டியே பணம் அனுப்புவது வழக்கம்தானே? அங்கே பெறுபவர் பெயரைப் பாருங்கள். தனி ஆள் பெயரோ, சம்பந்தமில்லாத கடையின் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2025 அக்டோபரிலிருந்து செபியில் பதிவான புரோக்கர்களுக்குத் தனி யூபிஐ ஐடி உண்டு. அதில் `.brk` என்றும், `@valid` என்பதோடு வங்கியின் பெயரும் இருக்கும். அது சரிதானா என்று 'செபி செக்' வசதியில் பார்க்கலாம்.

அண்ணாச்சியின் டெபாசிட் தப்பியது. போனது 23,000. அன்றைக்கே 1930-க்குப் போன் செய்து, `cybercrime.gov.in`-லும் புகார் பதிந்தோம். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததுக்குத் தாவிக்கொண்டே போகும். எங்காவது நிற்கும்போதுதான் வங்கி முடக்க முடியும். அவர் பணம் போட்டுப் பல நாள் ஆகியிருந்தது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி நடந்தால், குழுவில் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீங்க. சாட், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காம, முதல் போனை 1930-க்குப் போடுங்க.